மீதி ஏன் ஒத்துப்போகவில்லை?

செப்டம்பர் முடிந்ததும் பெயின்ட் கடைக்குச் சப்ளையரிடமிருந்து ஸ்டேட்மென்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்படி கடை தர வேண்டிய பாக்கி 4,86,200 ரூபாய். கடையின் லெட்ஜரிலோ 4,12,700 தான் இருக்கிறது. வித்தியாசம் 73,500.

முதலில் இரண்டு பக்கமும் ஆரம்ப இருப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கோளாறு போன மாதத்திலேயே இருக்கிறது. ஒத்துப்போனால், பில் நம்பரையும் தொகையையும் வைத்து ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே வரலாம். தேதியை நம்பக் கூடாது. அவர்கள் பில் போட்ட நாளும் நாம் சரக்கை வரவு வைத்த நாளும் பெரும்பாலும் வேறு வேறு. டிக் விழாமல் நிற்பவைதான் நமக்கு வேலை.

இங்கே அப்படி நின்றவை நான்கு. 29ஆம் தேதி அனுப்பிய 30,000 ரூபாய் செக்கை அவர்கள் இன்னும் வரவு வைக்கவில்லை. அடுத்த மாதம் தானாகவே சரியாகிவிடும். திருப்பி அனுப்பிய சரக்குக்குக் கடை 8,500 கழித்திருக்கிறது, அவர்கள் கழிக்கவில்லை. 40 டின்னுக்கு வரியோடு தலா 1,500 என்று பேசியிருக்க, பில்லில் 1,560 போட்டிருக்கிறார்கள். அதில் 2,400 தகராறு. மீதமுள்ள 32,600 ஒரே பில். அது லெட்ஜரில் இல்லவே இல்லை.

இந்த நான்காவதில்தான் நிதானம் வேண்டும். அதே பெயர்ச் சாயல் உள்ள வேறு பார்ட்டியின் கணக்கில் ஏறியிருக்கலாம். அங்கே முதலில் தேட வேண்டும். பிறகு ஜிஎஸ்டி தளத்தில் GSTR-2B-யைத் திறந்தால், சப்ளையர் தாக்கல் செய்த பில்கள் தெரியும். பில் அங்கே இருப்பதாலேயே சரக்கு வந்துவிட்டதாக ஆகாது. பில்லை ஏற்றியவர் அவர். சரக்கை இறக்கியவர் யார் என்பதே கேள்வி. அதற்கு லாரி ரசீதின் கையொப்பமிட்ட நகலைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கே நகலில் குடோன் முத்திரை இருந்தது. டிரைவர் கொடுத்த பில் குடோன் ஃபைலிலேயே தங்கிவிட்டது. எனவே கணக்கில் ஏற்றலாம். முத்திரையும் இல்லை, சரக்கும் இல்லை என்றால் ஏற்றவே கூடாது. எழுத்தில் மறுக்க வேண்டும்.

பில்லை ஏற்றியதும் கடையின் பாக்கி 4,45,300. அவர்களுடைய தொகையில் 30,000, 8,500, 2,400 மூன்றையும் கழித்தாலும் அதே 4,45,300. இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்தால்தான் வேலை முடிந்தது. ‘வித்தியாசம்’ என்று ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டு நேர் செய்வது, காணாமல்போன பில்லைப் புதைப்பதுதான்.

விலைத் தகராறுக்கு ஆர்டர் நகலை இணைத்துக் கடிதம் போட வேண்டும். சப்ளையர் சம்மதித்தால் அந்த 2,400க்கும் திருப்பிய சரக்குக்கும் கிரெடிட் நோட் தருவார். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டினால் அதைக் காட்டி அவர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. பிறகு வரித் தொகையை விட்டுத்தர அவருக்கு மனம் வராது.