விடியுமுன் எரியும் குப்பையும் பதினோரு மணி ஆய்வும்: கம்பம் பள்ளத்தாக்கின் புகைப்பனி

மார்கழி, தை மாதங்களில் குப்பைப் புகை குறித்துத் தரப்படும் மனுக்கள் பெரும்பாலும் ஒரே விதமாக முடிகின்றன. அதிகாலை ஐந்து மணிக்கு மூச்சுமுட்டிய மக்கள் மனு எழுதுகிறார்கள், ஆய்வுக்கு வருபவர் காலை பதினோரு மணிக்கு வருகிறார், அந்நேரம் வானம் தெளிந்து கிடப்பதால் 'புகை ஏதும் காணப்படவில்லை' என்ற ஒற்றை வரியோடு கோப்பு மூடப்படுகிறது. இதில் அலுவலரின் அலட்சியம் பாதியென்றால், புகை எந்த நேரத்தில், ஏன் தேங்குகிறது என்பதை மனுவில் எழுதாத மனுதாரரின் கவனக்குறைவு மறுபாதி. தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் போன்று மலைகளுக்கு நடுவே அமைந்த ஊர்களில் குளிர்காலப் புகை அலுவலகம் திறப்பதற்கு முன்பே தன் தீங்கைச் செய்து முடித்துவிடும். இதற்கான காரணம் வளிமண்டல இயற்பியலில் இருக்கிறது. பரிகாரமும் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டே தேடப்பட வேண்டும்.

தரையிலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது என்பதும், அக்குறைவு சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் என்பதும் பள்ளிப் பாடம்; இதுவே வெப்பக் குறைவு வீதம் எனப்படுகிறது. ஆனால் புகையின் போக்கை அறிய இன்னொரு வீதமும் தேவைப்படுகிறது. மேலெழும் காற்றுத் திரள் தன்னைச் சுற்றியுள்ள அழுத்தம் குறையக் குறைய விரிந்து, அந்த விரிவினாலேயே குளிர்கிறது. ஈரம் நீர்த்துளியாக மாறாத வரை இக்குளிர்ச்சி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி, அதாவது 100 மீட்டருக்கு ஒரு டிகிரி. சுற்றியுள்ள காற்றைவிட வெப்பமாக இருக்கும் வரை புகைத் திரள் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டின் வெப்பநிலையும் சமமாகும் உயரத்தில் அது நின்றுவிடும். புகை எவ்வளவு உயரம் செல்லும் என்பது, ஆகவே, நெருப்பின் சூட்டை மட்டும் பொறுத்ததன்று. மேலே உள்ள காற்று எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே கேரள எல்லையை ஒட்டிய ஏலமலைத் தொடரும், கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகளும் நிற்கின்றன. வடகிழக்குப் பக்கம் மட்டுமே நிலம் விரிந்து திறக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மலை இடைவெளிகள் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்று இங்கே எந்தப் புகையையும் தங்கவிடாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் நிலைமை மாறுகிறது. மேகமற்ற நீண்ட இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர, அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனக்கிறது. மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்றும் கீழ்நோக்கி வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் வந்து சேர்கிறது. விடியும் வேளையில் கீழே குளிரும் மேலே வெதுவெதுப்புமாக வரிசை புரண்டுவிடுகிறது. இந்நிலையே வெப்பத் தலைகீழ் மாற்றம். மேலே செல்லச் செல்ல வெப்பநிலை இங்கே குறையாமல் கூடுவதால், மேலுள்ள வெதுவெதுப்பான காற்று பள்ளத்தாக்கின் மேல் ஒரு மூடி போல அமர்ந்துவிடுகிறது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். தை மாத விடியலில் பள்ளத்தாக்கின் தரையில் 18 டிகிரியும், 200 மீட்டர் மேலே சரிவில் 21 டிகிரியும் இருப்பதாகக் கொள்வோம். அதாவது 100 மீட்டருக்கு ஒன்றரை டிகிரி ஏறுகிறது. குப்பைக் குவியலிலிருந்து கிளம்பிச் சுற்றுக்காற்றோடு கலந்த புகை 22 டிகிரியில் மேலெழத் தொடங்கினால், 100 மீட்டர் உயரத்தில் அது 21 டிகிரியாகக் குறைந்திருக்கும், சுற்றியுள்ள காற்றோ 19.5 டிகிரியில் இருக்கும். எனவே அது இன்னும் ஏறும். 160 மீட்டரில் புகையும் 20.4, சுற்றுக்காற்றும் 20.4, அங்கே அது நின்று, பக்கவாட்டில் பரவத் தொடங்கும். இதே புகை பகல் இரண்டு மணிக்குக் கிளம்பி 1,600 மீட்டர் வரை கலந்து பரவினால், அதன் செறிவு பத்தில் ஒரு பங்காகிவிடும். எரிக்கப்பட்ட குப்பை ஒன்றே, காற்றில் கலந்த துகளும் ஒன்றே. எரித்த நேரம் மட்டுமே அதைப் பத்து மடங்கு கொடியதாக்குகிறது.

மூடி எப்போது திறக்கும் என்பதும் இதே கணக்கில் கிடைக்கிறது. 200 மீட்டர் மேலுள்ள 21 டிகிரிக் காற்றைத் துளைத்துச் செல்ல, தரையிலிருந்து எழும் காற்று வழியில் இழக்கும் இரண்டு டிகிரியையும் சேர்த்து 23 டிகிரியில் புறப்பட வேண்டும். கதிரவன் எழுந்தபின் தரைக்காற்று 18-லிருந்து 23-ஐத் தொடும் வரை பள்ளத்தாக்கு பூட்டியே கிடக்கும். தை மாதத்தில் இதற்குக் காலை ஒன்பது மணியோ அதற்கு மேலுமோ ஆகும். பதினோரு மணிக்கு வரும் அலுவலர் காண்பது மூடி திறந்துவிட்ட பிறகுள்ள வானத்தையே. அவருடைய 'புகை இல்லை' என்ற குறிப்பு பொய்யன்று, ஆனால் பயனற்றது. ஆய்வு அதிகாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் நடக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதாதவரை இது மாறப்போவதில்லை.

அளவீட்டு எண்களிலும் இதே ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு 2009-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தரநிலை வகுத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஓரிடத்தில் விடியற்காலை மூன்று மணி நேரம் 200 மைக்ரோகிராமும், மீதி 21 மணி நேரம் 30 மைக்ரோகிராமும் இருந்தால், நாள் சராசரி 51-ஐச் சற்றே தாண்டும். வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை சொல்லும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் முதியவர்கள் நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள், தூய்மைப் பணியாளர்கள் தெருவில் நிற்கிறார்கள். ஆகவே அளவீட்டு அறிக்கை எதையும் கேட்பவர் நாள் சராசரியோடு நிறுத்தாமல், மணிவாரியான அளவுகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விடியலில் தேங்கும் இந்தப் புகையை வெறும் பனி என்று கடந்துபோவதே பொதுமக்கள் செய்யும் பெருந்தவறு. மூடுபனி வெண்மையாக இருக்கும், இலைகளை நனைக்கும். புகைப்பனி நீலமோ பழுப்போ கலந்திருக்கும், கருகல் வாடை வீசும், போடிமெட்டு அல்லது கம்பம்மெட்டுச் சாலையின் வளைவுகளிலிருந்து பார்த்தால் மேல்விளிம்பு மட்டமாக வெட்டியதுபோல் தெரியும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மோனோங்கஹீலா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள டோனோரா என்னும் ஆலை நகரத்தில், 1948 அக்டோபர் இறுதியில் இவ்விதமே புகைப்பனி நாள்கணக்கில் தேங்கியது. மக்கள் அதை வழக்கமான மூட்டமாகவே எண்ணி, சனிக்கிழமை கால்பந்துப் போட்டியைக்கூட நடத்தினார்கள். துத்தநாக ஆலை ஞாயிறு காலையில்தான் நிறுத்தப்பட்டது. இந்தப் புகைப்பனியால் 20 பேர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். தேனியில் அத்தகைய ஆலைகள் இல்லை என்பது உண்மை. ஆனால் நெகிழி கலந்த குப்பையின் புகை உள்ளே போகும் நுரையீரல் இங்கும் அதே நுரையீரல்தான்.

இனி மனுவின் விவரம். முதலில் சான்று சேர்க்கப்பட வேண்டும்; சான்றில்லாத மனு வீண் உழைப்பு. மலிவான இரண்டு வெப்பமானிகளை ஓர் இரவு முழுதும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறுபட்டால் அந்த வேறுபாட்டைக் குறித்துக் கழிக்க வேண்டும். பின்பு ஒன்றைப் பள்ளத்தாக்கின் தரையிலும், மற்றொன்றை 100 அல்லது 200 மீட்டர் உயரமான சரிவிலும், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், சுவரையோ கூரையையோ ஒட்டாமல் வைத்து, கதிரவன் எழுமுன் ஒரே நேரத்தில் படித்து எழுத வேண்டும். மேலே உள்ளது கூடுதலாகக் காட்டினால் தலைகீழ் மாற்றம் உறுதி. அந்த விடியல்களில் உயரமான இடத்திலிருந்து எடுத்த, நாளும் நேரமும் பதிந்த படங்களும், எரியும் குவியல் கிடக்கும் சர்வே எண் அல்லது தெருவின் பெயரும், எரிப்பு முதன்முதலாகக் காணப்பட்ட தேதியும் மனுவில் இருக்க வேண்டும். அந்த முதல் தேதி மிக முக்கியம். காரணம் பின்னால் வருகிறது.

நகராட்சி எல்லைக்குள் என்றால் ஆணையருக்கும், பேரூராட்சியில் செயல் அலுவலருக்கும், ஊராட்சிப் பகுதியில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனு போக வேண்டும். படி ஒன்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடைசெய்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அல்மித்ரா படேல் வழக்கில் 2016 டிசம்பர் 22-இல் ஆணையிட்டது. சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். இந்த ஆணையின் தேதியை மனுவில் குறிப்பிட வேண்டும். உள்ளாட்சியின் ஆட்களே கொளுத்தினாலும் தடை தடையே. துப்புரவு எளிதாகிறது என்ற சாக்கு எந்த அலுவலருக்கும் இல்லை.

செங்கல் சூளை போன்ற நிரந்தரப் புகைமூலமாக இருந்தால், வாரியம் அதற்கு அளித்த இயக்க இசைவாணையின் நகலையும் நிபந்தனைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். இசைவாணை இல்லை என்ற பதில் வந்தால் அதுவே வலுவான சான்று.

மனு அசையவில்லையெனில் அடுத்த வாயில் பெரும்பாலோர் அறியாதது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133), பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை ஆணை இடும் அதிகாரத்தைக் கோட்ட நடுவருக்குத் தருகிறது. காவல் அறிக்கை கட்டாயமில்லை; 'வேறு தகவல்' கிடைத்தாலே போதும் என்று பிரிவு சொல்வதால், பொதுமக்களின் மனுவே அத்தகவலாகும். கம்பம், சின்னமனூர், கூடலூர்ப் பகுதியினர் உத்தமபாளையம் கோட்டத்திலும், தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டிப் பகுதியினர் பெரியகுளம் கோட்டத்திலும் இம்மனுவைத் தரலாம். 'தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்' என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை. '152-ஆம் பிரிவின்படி நிபந்தனை ஆணை பிறப்பிக்கவும், அதிகாலை 5 முதல் 7 மணிக்குள் நேராய்வு செய்யவும்' என்று எழுத வேண்டும். நேரத்தைக் குறிப்பிடாத மனு, மீண்டும் பதினோரு மணி ஆய்வுக்கே வழிவிடும். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் தரும் மனுவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒப்புகைச் சீட்டைப் பெறாமல் அங்கிருந்து நகரக் கூடாது.

கடைசி வாயில் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கப்படலாம், அதற்கு மேல் இல்லை. மார்கழியில் தொடங்கிய எரிப்புக்கு ஆனி மாதத்திற்குள் வழக்கு பதிவாக வேண்டும். ஆடிக்காற்றில் புகை மறைந்ததும் மனுவையும் மறந்துவிட்டு, அடுத்த குளிர் வந்தபின் எழுந்து நிற்பவர்கள் கெடுவைத் தவறவிட்டிருப்பார்கள். முதல் தேதியை எழுதிவைக்கச் சொன்னது இதற்காகவே.