தசாவதார செட் வாங்கப் போகிறீர்களா?

கொலுவுக்குத் தனிப் பொம்மை வாங்குவது எளிது. பத்து அவதாரமும் ஒரே உயரத்தில், ஒரே நிறச் சாயலில், ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர வேண்டிய தசாவதார செட்தான் வாங்குபவரின் கவனத்தை முழுதாகக் கேட்கும். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுக்கோ மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கோ நேரில் போய் வாங்கலாம். வீட்டில் இருந்தபடி ஆன்லைனில் ஆர்டரும் போடலாம். எது மலிவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், பொம்மை எதனால் செய்தது என்று கேட்க வேண்டும். விலை, எடை, ஆயுள், வழியில் உடையுமா உடையாதா என்பதெல்லாம் அதைப் பொறுத்தவைதான்.

சந்தையில் பெரும்பாலும் மூன்று வகைகள் கிடைக்கின்றன. சுட்ட களிமண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுப் பொம்மை. வண்ணம் பூசிய பிறகு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் பொம்மையைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்காமல் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வண்ணம் இருக்காது. செங்கல் நிறம் தெரிந்தால் களிமண். சாம்பல் நிறத்தில் நார் நாராக இருந்து, அளவுக்கு எடையும் குறைவாக இருந்தால் காகிதக்கூழ். விரலால் தேய்க்கும்போது வெள்ளை மாவு ஒட்டினால் பிளாஸ்டர்.

களிமண் பொம்மையை விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நன்றாகச் சுட்ட, விரிசல் இல்லாத பொம்மை கணீரென்று ஒலிக்கும். ஓசை மந்தமாக வந்தால், சூடு போதவில்லை அல்லது வண்ணத்துக்கு அடியில் எங்கோ விரிசல் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். காகிதக்கூழில் இந்தச் சோதனை பலிக்காது. அது எப்போதுமே மந்தமாகத்தான் ஒலிக்கும். அதை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் உள்ளே ஈரம் காயாமலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு பெட்டியைத் திறக்கும்போது வண்ணம் செதில் செதிலாக உரிந்து கிடக்கும்.

அடுத்து கழுத்து, மணிக்கட்டு, ஆயுதம் பிடித்த விரல்கள். ஒட்டு வேலையும் உடைவும் அதிகம் நேரும் இடங்கள் இவை. மற்ற இடங்களைவிட அங்கே மட்டும் வண்ணம் புதிதாகப் பளபளத்தால், உடைந்ததை ஒட்டிப் பூசியிருக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒட்டிய கோடு தெரிந்துவிடும். கடைசியாகப் பத்துப் பொம்மைகளையும் சமதளமான பலகையில் வரிசையாக நிற்க வையுங்கள். எது ஆடுகிறது, எது குட்டை, எந்த முகத்தில் கண் ஒருபக்கம் இழுத்திருக்கிறது என்பது சேர்த்து நிறுத்தினால்தான் கண்ணில் படும். பரசுராமர் கோடரி, பலராமர் கலப்பை போன்றவை தனியாகச் செருகும் துண்டுகளாக இருந்தால் எண்ணி வாங்குங்கள். வண்ணத்தில் சிறு குறை இருந்தால் செட்டை ஒதுக்க வேண்டியதில்லை. செய்பவரிடமே வாங்கும்போது, கேட்டால் அங்கேயே தூரிகை எடுத்துச் சரிசெய்து தருவார்கள். நேரில் போவதில் எனக்கு மிகப் பெரிய லாபமாகத் தோன்றுவது இதுதான்.

பேரத்துக்கு வருவோம். மாட வீதிக் கடைகள் பலவற்றுக்கும் சரக்கு வருவது ஒரே சில ஊர்களிலிருந்து. ஆகவே ஒரே அச்சில் வார்த்த பொம்மையை அடுத்தடுத்த கடைகளில் பார்க்க முடியும். மூன்று கடைகளில் அதே உயரத்துக்கு விலை கேட்டாலே நிலவரம் புரிந்துவிடும். ஒரு பேச்சுக்கு, எட்டு அங்குலக் காகிதக்கூழ் செட்டுக்கு மூவாயிரம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே."

"கட்டாதும்மா. முகத்தைப் பாருங்க, எல்லாம் கையெழுத்து வேலை."

இந்த இடத்தில் பாதி விலைக்குக் கேட்டால் பேச்சு முறிந்துவிடும். கண் எழுதும் ஒருவரின் கூலியும், வழியில் உடைந்துபோகும் பொம்மைகளின் நஷ்டமும் அந்த விலைக்குள்தான் இருக்கின்றன. "சரிண்ணே, அந்த நானூறு ரூபாய் செட்டியார் ஜோடியையும் சேர்த்து மூவாயிரம்னு முடிச்சுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். விலையை இறக்கத் தயங்குபவர்கூடப் பொருளைச் சேர்த்துக் கொடுக்கச் சம்மதிப்பார். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து காஞ்சிபுரம் போய் மொத்தமாக எடுத்தால், பேரம் பேசாமலே மொத்த விலைக்கு நெருங்கிய விலை கிடைக்கலாம். நவராத்திரி தொடங்கிய பிறகு விலை சரியும் என்பது உண்மை. ஆனால் அப்போது மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஒன்றிரண்டு குறைந்த செட்கள்.

ஆன்லைனில் வாங்கவே கூடாதா? காஞ்சிபுரமும் மாட வீதியும் எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. அங்கே வாங்குவதானால் காகிதக்கூழ் பொம்மையாகப் பாருங்கள். எடை குறைவு என்பதால் கூரியர் அதிர்ச்சியை ஓரளவு தாங்கும். படத்தில் பெரிதாகத் தெரியும் செட் வந்து சேரும்போது நாலு அங்குலமாக இருக்கலாம். உயரத்தை அங்குலத்தில் படித்து, வீட்டு அளவுகோலில் வைத்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். எடை போட்டிருந்தால் அதையும் படியுங்கள். "காகிதக்கூழ்" என்று எழுதிவிட்டு எடை மிக அதிகமாக இருந்தால் பிளாஸ்டராக இருக்கக்கூடும். விற்பவரிடம் பொம்மையின் அடிப்பாகத்தையும் பின்புறத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் இருக்கும் முகமே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கையால் எழுதும் கண் பொம்மைக்குப் பொம்மை மாறும்.

பெட்டி வந்ததும், முகவரிச் சீட்டு தெரியும்படி, பிரிப்பதற்கு முன்பிருந்தே இடைவிடாமல் வீடியோ எடுங்கள். உடைந்து வந்ததற்கு அதுவே நல்ல சாட்சி. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாற்றுப் பொம்மை வந்து சேரவும் நாள் வேண்டும் என்பதால், நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

நேரில் வாங்கியதை வீடு சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். பொம்மை உடைவது பெரும்பாலும் கீழே விழுந்து அல்ல. பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதித்தான். நீட்டிய கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை முதலில் பஞ்சாலோ மெல்லிய துணியாலோ நிரப்புங்கள். பிறகு முழுப் பொம்மையையும் பழைய பருத்தித் துணியில் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றுங்கள். புது வண்ணத்தின்மேல் நேராகச் செய்தித்தாளைச் சுற்றினால் அச்செழுத்து அதில் பதிந்துவிடும். பபிள் ராப் சுற்றி வெயிலில் வைத்தால் குமிழ்த் தடம் விழும். கனமானவை அடியில், லேசானவை மேலே. இடுக்குகளில் கசக்கிய தாளைத் திணித்து மூடியபின் பெட்டியை மெல்ல அசைத்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திறந்து மறுபடி அடுக்குங்கள். காரில் முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள தரைதான் பெட்டிக்குப் பத்திரமான இடம். டிக்கியில் வைத்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளும்.

என் தீர்ப்பு இதுதான்: களிமண் பொம்மையையும், பத்துக்குப் பத்தும் பொருந்தி நிற்க வேண்டிய செட்களையும் நேரில் வாங்குங்கள், சின்னஞ்சிறு காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கு ஆன்லைன் போதும். பழைய செட்டில் உடைந்த ஒன்றுக்கு மட்டும் ஜோடி தேடுகிறீர்கள் என்றால், மீதியில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துப் போங்கள்.