பத்து நிமிஷம் மட்டும் பேசு மச்சி!

காலேஜ்ல ஃப்ரெண்டோட முட்டிக்கிட்டா ரொம்ப ஈஸி. பெஞ்ச் மாறி உட்காரலாம், லைப்ரரி பக்கம் ஒதுங்கலாம். ஆனா, ரெண்டு பேரும் ஒரே கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆகி, ஒரகடம் பக்கம் டிரெய்னியா சேர்ந்துட்டீங்கன்னு வைங்க. ரூம் ஒண்ணு, கம்பெனி பஸ் ஒண்ணு, லைனும் ஒண்ணு. அங்கே பேச்சு நின்னா எங்கே போவீங்க?

காதல், கடன்னு காரணம் எதுவா வேணும்னாலும் இருக்கலாம். 2024-ல சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில செப்டம்பர் 9-ல ஆரம்பிச்ச ஸ்டிரைக் 37 நாள் நடந்துச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க வேலைக்குப் போகாம வெளியே உட்கார்ந்தாங்க. மீதிப் பேர் உள்ளே வேலை பார்த்தாங்க. அக்டோபர்ல முடிஞ்சதும் ரெண்டு தரப்பும் அதே கேட் வழியாத்தான் உள்ளே போகணும். யார் யாரோட முகம் பார்த்துப் பேசினாங்களோ, அது அவங்களுக்குத்தான் வெளிச்சம்.

லைன்ல மௌனம் எங்கே கடிக்கும் தெரியுமா? ஷிஃப்ட் மாறுற அந்தப் பத்து நிமிஷத்துல. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நீங்க காலை ஆறு மணி ஷிஃப்ட். மதியம் ரெண்டு மணிக்கு அதே ஸ்டேஷனுக்கு வர்றது உங்க 'முன்னாள்' நண்பன். போல்ட் இறுக்குற வேலை. நிமிஷத்துக்கு ஒரு பீஸ். காலையில டூலை செக் பண்ணினப்போ ஓகே. பதினோரு மணியிலிருந்து கன் அப்பப்போ சிவப்பு விளக்கு காட்டுது. நீங்க மறுபடி இறுக்கி அனுப்பிடுறீங்க. ரெண்டு மணிக்கு அவன் வர்றான். இவன்கிட்ட என்ன பேச்சுன்னு பையைத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு நடையைக் கட்டுறீங்க.

அவன் டூலை செக் பண்றான். கோளாறு விட்டு விட்டு வர்றதால அந்த நேரம் பார்த்து ஓகே காட்டுது. நாலு மணிக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்ல ஒரு போல்ட் லூஸ்! இப்போ குவாலிட்டிக்காரர் கேட்கிற முதல் கேள்வி, 'எப்போலேர்ந்து?' பதில் தெரிஞ்ச ஆள் ரூம்ல தூங்கிட்டு இருக்கார். ரெண்டு மணி செக்கையும் நம்ப முடியாது. அதனால காலை ஆறு மணி வரைக்கும் பின்னாடி போகணும். பத்து மணி நேரத்துல பிரேக் ஒரு மணி நேரம் போனா 540 பீஸ். அத்தனையையும் ஓரங்கட்டி, ஒவ்வொண்ணா கையால சரிபார்க்கணும். ரெண்டு மணிக்கே நீங்க சொல்லியிருந்தா? பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும், சாப்பாட்டு அரை மணி நேரம் போக, 150 பீஸோட முடிஞ்சிருக்கும்.

'அவன்கிட்ட சொல்லிடு'ன்னு நடுவுல ஒருத்தரைத் தூது விடுறதும் சரிப்படாது. 'கன்னுல ஏதோ பிராப்ளமாம்'னு மட்டும்தான் போய்ச் சேரும். பதினோரு மணிங்கிற நேரம் வழியிலேயே காணாமப் போயிடும். தூது ஆரம்பிச்சாச்சுன்னாலே விவகாரம் வேலைக்குள்ள வந்துடுச்சுன்னு புரிஞ்சுக்குங்க. ஷிஃப்ட் புக்கை எடுங்க. எந்த மெஷின், எத்தனை மணிக்கு, என்ன ஆச்சு, நீங்க என்ன பண்ணீங்க... நாலே விஷயம் எழுதுங்க. அதையே வாயாலயும் சொல்லிட்டுக் கிளம்புங்க. சிரிக்க வேண்டாம், 'சாப்டியா?' கேட்க வேண்டாம். ரூம் வாடகைப் பாக்கியை மட்டும் தப்பித்தவறிகூட அங்கே இழுக்காதீங்க.

'ஸ்டேஷனை மாத்திக் கொடுங்க சார்'னு சூப்பர்வைசர்கிட்ட போறீங்களா? போறதுக்கு முன்னாடி லைன் போர்டுல இருக்கிற ஸ்கில் மேட்ரிக்ஸைப் பாருங்க. பல கம்பெனிகள்ல உங்க பேருக்கு நேரே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வட்டம் இருக்கும், நாலு கால் பாகமா. ஒரு கால் நிறைஞ்சா இப்பதான் கத்துக்கிறீங்க. மூணு நிறைஞ்சா தனியா நின்னு செய்யலாம். நாலும் நிறைஞ்சா அடுத்தவருக்குச் சொல்லியும் கொடுக்கலாம். ஒரே ஸ்டேஷன்ல மட்டும் மூணு வெச்சிருக்கிற டிரெய்னியை அவர் நினைச்சாலும் சட்டுனு நகர்த்த முடியாது. அதனால சோகக் கதை வேண்டாம். 'பக்கத்து ஸ்டேஷனையும் கத்துக்கிறேன் சார்'னு கேளுங்க. நிஜக் காரணம் அவருக்கு எப்படியும் தெரிஞ்சிருக்கும், விடுங்க!

இன்னொரு விஷயம், குறிப்பா தோழிகளுக்கு. பிரிஞ்ச பிறகும் அவன் ராத்திரி மெசேஜ் அனுப்புறான், பஸ்ல வேணும்னே பக்கத்து சீட்டுக்கு வர்றான்னா, அது சங்கடம் இல்லை, தொல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கிற 2013-ம் வருஷச் சட்டம் டிரெய்னிக்கும் உண்டு, கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. கம்பெனி விடுற பஸ்ஸும் சட்டத்தோட கண்ணுக்குப் பணியிடம்தான். பத்துப் பேரும் அதுக்கு மேலயும் வேலை பார்க்கிற இடத்துல உள் புகார் குழு இருந்தாகணும். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும். மெசேஜை எல்லாம் அழிக்காம வெச்சிருங்க.

மத்தபடி பஸ்? அவன் முன்னாடி ஏறினா நீங்க பின்னாடி போய் உட்காருங்க. காலை ஷிஃப்ட் பஸ்ல எப்படியும் எல்லாரும் தூங்கிட்டுத்தான் வருவாங்க.