459-ம் 463-ம்

ஆண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த ஒரு பரிசோதனை. 11 பேர் கொண்ட ஒரு குழுவுக்குச் சராசரி 459. இன்னொரு 11 பேருக்கு 463. இரண்டுமே நல்ல அளவு. ஆய்வக ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி போட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இரண்டாவது குழுவினரின் விந்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சராசரியாக 9.3 கோடி உயிரணுக்கள் இருந்தன. முதல் குழுவில் இருந்தது 2 லட்சம். அந்தப் பதினொரு பேரில் பெரும்பாலோருக்கு ஓர் உயிரணுகூட இல்லை. இப்போதைய உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 1.6 கோடிக்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள்.

ரசாயனத்தோடு புழங்கும் ஆண்களுக்கு என்ன ஆகிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் ஞாபகத்துக்கு வரும். “ஹார்மோன் டெஸ்ட் எடுத்தேன், நார்மல்னு வந்துடுச்சு” என்று நிம்மதியாகச் சொல்லும் பலருக்கு இந்தக் கதை தெரியாது.

கலிஃபோர்னியாவில் லாத்ராப் என்று ஒரு ஊர். அங்கே ஆக்சிடென்டல் நிறுவனத்தின் ஆலையில், பூச்சிக்கொல்லிகளைக் கலந்து அடைக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒரு விஷயம் உறுத்தியது. இந்தப் பிரிவுக்கு வந்த பிறகு யாருக்கும் பிள்ளை பிறந்த மாதிரித் தெரியவில்லை. ஒருவருக்கு இல்லை என்றால் அவரவர் விதி என்று விடலாம், மனைவிக்கு ஏதாவது கோளாறு என்று சொல்லலாம். (அந்த ஊரிலும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.) ஒரு பிரிவு முழுக்க அப்படி என்றால்?

1977 கோடையில் சிலர் விந்துப் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். முடிவைப் பார்த்த தொழிற்சங்கம் விஷயத்தைக் கையில் எடுத்தது. டொனால்ட் வார்ட்டன் என்ற தொழில்நல மருத்துவர் வந்தார். அந்தப் பிரிவில் இருந்த 36 ஆண்களில் 11 பேர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்களை ஒதுக்கினால் மிச்சம் 25. அதில் 14 பேருக்குக் கோளாறு: ஒன்பது பேருக்கு உயிரணு அறவே இல்லை, மற்றவர்களுக்குக் குறைவு.

வார்ட்டன் அடுத்து செய்தது எளிமையான காரியம். யார் எத்தனை நாள் அங்கே வேலை செய்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். உயிரணு மிகக் குறைந்த பதினொரு பேரும் மூன்று வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவர்கள். சராசரி எட்டு வருடம். நன்றாக இருந்த பதினொரு பேர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்கள். சராசரி ஒரு மாதம். வேறு எந்த வித்தியாசமும் இந்த அளவுக்குப் பொருந்தவில்லை. அந்த வருட டிசம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

அவர்கள் கலந்துகொண்டிருந்த ரசாயனத்துக்கு டி.பி.சி.பி. என்று சுருக்கப் பெயர். முழுப் பெயர் டைபுரோமோகுளோரோபுரோப்பேன். வேரைத் தின்னும் நூற்புழுவைக் கொல்ல மண்ணுக்குள் செலுத்துவது. வாழை, அன்னாசி, திராட்சை, பீச் பழத் தோட்டங்களில் 1950-களிலிருந்தே புழக்கத்தில் இருந்தது. ஷெல் நிறுவனம் ‘நெமகான்’ என்றும் டவ் நிறுவனம் ‘ஃபியூமசோன்’ என்றும் பெயர் வைத்து விற்றன. பயிரைப் பொசுக்காமல் புழுவை மட்டும் கொல்லும் என்பதால் விவசாயிகளுக்கு அதன்மேல் அபார நம்பிக்கை.

இனி அந்த 459-க்கு வருவோம். உயிரணு செத்துப்போன பிறகும் ஆண் ஹார்மோன் எப்படிக் குறையாமல் இருந்தது?

விரைக்குள் ஒரே கூரையின் கீழ் இரண்டு பட்டறைகள் நடக்கின்றன. நூல் போன்ற மெல்லிய குழல்களுக்குள் உயிரணு உற்பத்தி. அந்தக் குழல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் வேறு வகைச் செல்கள் டெஸ்டோஸ்டீரோனைத் தயாரிக்கின்றன. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் இரண்டுக்கும் மேஸ்திரி. முதல் பட்டறையை எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் அனுப்பியும், இரண்டாவதை எல்.எச். என்ற ஹார்மோன் அனுப்பியும் வேலை வாங்கும். பட்டறை ஒழுங்காக ஓடினால் அங்கிருந்து மேலே தகவல் போகும், மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொள்வார். தகவல் வராவிட்டால் கத்துவார்.

டி.பி.சி.பி. முக்கியமாக முதல் பட்டறையில் கைவைத்தது. அடுத்தடுத்து உயிரணுக்களை உண்டாக்க வேண்டிய தாய் அணுக்களையே அழித்தது. அங்கிருந்து தகவல் நின்றதும் பிட்யூட்டரி கத்த ஆரம்பித்தது. வார்ட்டனின் அட்டவணையில் நல்ல குழுவின் எஃப்.எஸ்.எச். சராசரி 2.6. பாதிக்கப்பட்ட குழுவில் அது 11.3. நான்கு மடங்குக்கு மேல். ஆக, ரத்தத்தில் தடயம் இருக்கத்தான் செய்தது. டெஸ்டோஸ்டீரோன் என்ற கட்டத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

அதே அட்டவணையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. எல்.எச். அளவும் 14-லிருந்து 28-க்கு ஏறியிருந்தது. எனக்குப் புரிந்த வரையில், இரண்டாவது பட்டறையும் முழுச் சுகத்தில் இல்லை. இரட்டிப்பாக விரட்டி வேலை வாங்கித்தான் 459 கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலாளிக்கு இது எதுவும் தெரிய வழியில்லை. மீசை தாடி குறையவில்லை, உடல் பலம் குறையவில்லை, தாம்பத்தியத்தில் ஆசை குறையவில்லை. பிள்ளை வேண்டும் என்று நினைக்காதவர் கடைசிவரை தெரியாமலே இருந்திருப்பார்.

இது யாரும் எதிர்பாராத விபத்து என்று சொல்ல முடியாது. ஷெல், டவ் நிறுவனங்களுக்காக நடந்த விலங்குச் சோதனை 1961-லேயே அச்சாகியிருந்தது. காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்கு என்பதுதான் அதில் சோதித்த மிகக் குறைந்த அளவு. அந்த அளவிலேயே எலிகளின் விரைகள் சுருங்கின. அப்படியென்றால் எது பாதுகாப்பான அளவு என்று அந்தச் சோதனையால் சொல்லவே முடியவில்லை என்றுதான் அர்த்தம். ஆலைத் தொழிலாளிகளின் உயிரணுக்களை எண்ணிப் பார்க்க மட்டும் பதினாறு வருடமாக யாருக்கும் தோன்றவில்லை.

1977-க்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. கலிஃபோர்னியா அதன் பயன்பாட்டை நிறுத்தியது. அடுத்த வருடமே ஆலைக் காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை வரம்பு விதித்தது. இதற்கிடையே பீச் விவசாயிகள் அமைப்பின் நிர்வாகி ஒருவர் அந்தத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். இனிப் பிள்ளை வேண்டாம் என்றிருக்கும் வயதான ஆட்களை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்பது அவர் யோசனை. கருத்தடைக்கு மதத் தடை உள்ளவர்களுக்கு இது வசதியாகக்கூட இருக்கும் என்றும் சேர்த்திருந்தார். கிண்டலாக எழுதவில்லை.

கலிஃபோர்னியாவில் நின்றது கோஸ்டா ரிக்காவில் நிற்கவில்லை. அங்கே வாழைத்தோட்டம் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஃப்ரூட் நிறுவனத்துக்கு அந்தச் சரக்கு தேவைப்பட்டது. டவ் தயங்கியபோது, ஒப்பந்தத்தை மீறுவதாகும் என்று ஸ்டாண்டர்டு ஃப்ரூட் எச்சரித்தது. நஷ்டஈடு வழக்கு எது வந்தாலும் தாங்களே பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த பிறகு சரக்கு மறுபடி போனது. வாழைக்கு வாழை மண்ணில் ஊசி போல இறக்கி மருந்தைச் செலுத்தும் கருவியோடு நடந்த கூலிகளில் சுமார் 1,500 பேர் மலடானதாகப் பின்னால் கணக்கிடப்பட்டது. இந்தியாவில் டி.பி.சி.பி. 1989-ல் தடை செய்யப்பட்டது.

பாதிக்கப்பட்டவர்களுக்குத் திரும்பக் கிடைக்குமா? இஸ்ரேலில் இதே ரசாயனம் தயாரித்த ஆலையின் தொழிலாளர்களை மருத்துவர்கள் 17 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். உயிரணு அறவே இல்லாதிருந்த ஒன்பது பேரில் மூன்று பேருக்கு மூன்று, நான்கு வருடத்தில் திரும்பியது. அந்தக் காலத்துக்குள் திரும்பாதவர்களுக்கு அதன் பிறகும் திரும்பவில்லை. தாய் அணு கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால்தான் பிழைப்பு.

எல்லா ரசாயனமும் இதே வழியில் போவதில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கத் தாலேட் என்ற வகை ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். இவை தாக்குவது பெரும்பாலும் இரண்டாவது பட்டறையை, அதாவது டெஸ்டோஸ்டீரோன் தயாரிக்கும் செல்களை. சீனாவில் பி.வி.சி. தரைவிரிப்பு ஆலை ஒன்றில் வேலை செய்த 74 ஆண்களைப் பரிசோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். தாலேட் புழங்காத ஆண்களோடு ஒப்பிட்டால், ரத்தத்தில் கட்டுண்ணாமல் இருக்கும் டெஸ்டோஸ்டீரோன் அவர்களுக்கு ஏறக்குறைய 13 சதவீதம் குறைவு. ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்த கணக்கு அது. லாத்ராப் மாதிரி வாயடைக்க வைக்கும் வித்தியாசமும் அல்ல. வயது, தூக்கம், உடல் எடை, ரத்தம் எடுத்த நேரம் எல்லாமே டெஸ்டோஸ்டீரோனை இந்த அளவுக்கு ஆட்டிவைக்கும். ஒரு தனி மனிதரின் ரிப்போர்ட்டில் 13 சதவீதக் குறைவைப் பார்த்து இது பிளாஸ்டிக்கால் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒரு ஷிஃப்ட்டில் வேலை செய்யும் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

நம்மூரில் பிள்ளை இல்லை என்று போகும் தம்பதியில் முதலில் ஸ்கேன் எடுக்கப்படுவது அநேகமாக மனைவிக்குத்தான். கணவரிடம் “என்ன வேலை?” என்று கேட்டால் “கம்பெனி வேலை”, “விவசாயம்” என்று ஒரு வார்த்தையில் பதில் வரும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். எந்தப் பிரிவு, எத்தனை வருடம், கையில் படுவது எது என்று சொல்லுங்கள். டப்பாவின் லேபிளை, டிரம்மில் ஒட்டிய சீட்டை செல்போனில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். டெஸ்டோஸ்டீரோன் மட்டும் எழுதிக் கொடுத்தால், விந்துப் பரிசோதனையும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஓர் உயிரணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும். அதனால் இன்று கொடுக்கும் விந்து கடந்த இரண்டரை மாதத்தில் நீங்கள் செய்த வேலையையும் காட்டும். முடிவு மோசமாக வந்தால் அந்தப் பிரிவிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். கூட வேலை செய்பவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். லாத்ராப்பில் விஷயம் வெளியே வந்தது அப்படித்தான்.