இரண்டாவது அறுவைக்குப் பாதி விலை

பித்தப்பையில் கல் உள்ள ஒருவருக்குத் தொப்புளருகே குடலிறக்கமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அரசுக் காப்பீட்டில் மருத்துவமனைக்கு எவ்வளவு கிடைக்கும்? ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் வழிகாட்டியில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. விலை அதிகமான அறுவைக்கு முழுத் தொகை, இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால்.

தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2018 செப்டம்பரில் இந்த மத்தியத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 5 லட்சம் எப்படிச் செலவாகிறது என்பதைத்தான் வழிகாட்டி சொல்கிறது.

அதில் விலை போடப்பட்டிருப்பது நோய்க்கு அல்ல, சிகிச்சைக்கு. ஒவ்வொரு அறுவையும் ஒரு தொகுப்பு. அதற்கு ஒரு குறியீட்டு எண்ணும் ஒரு விலையும் உண்டு. படுக்கை, மயக்க மருந்து, அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம், மருந்து, நோயாளியின் சாப்பாடு எல்லாம் அந்த ஒரே விலைக்குள் அடக்கம். சேர்க்கைக்கு முந்தைய 3 நாளில் அதே மருத்துவமனையில் எடுத்த பரிசோதனைகளும், வீடு திரும்பிய பிறகு 15 நாள் வரை அதே நோய்க்கான மருந்தும்கூட அதில் சேரும். எனவே, “இந்த நோய்க்குக் காப்பீடு உண்டா?” என்பதைவிட, “எந்தத் தொகுப்பில் பதிவு செய்கிறீர்கள்?” என்று கேட்பதே பயன் தரும்.

இனி நம் நோயாளிக்கு வருவோம். கணக்குக்காகப் பித்தப்பை அறுவைத் தொகுப்பு 24,000 ரூபாய், குடலிறக்கம் 18,000 ரூபாய் என்று கொள்ளலாம். தனித்தனியே செய்தால் 42,000. ஒன்றாகச் செய்தால் 24,000 கூட்டல் 9,000, ஆக 33,000. மயக்கம் கொடுப்பது ஒரு முறை, அரங்கும் ஒரு முறை, படுக்கையும் ஒன்றே. அதனால் இந்தக் குறைப்பு நியாயம்தான். ஆனால் சிக்கல் முளைப்பதும் இங்கேதான். 9,000 ரூபாய் குறைவதைப் பார்க்கும் மருத்துவமனை, “குடலிறக்கத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்ல இடமிருக்கிறது. இல்லையென்றால் குடலிறக்கத்துக்கு வைக்கும் வலைக்குத் தனியாகப் பணம் கேட்கலாம். வலையின் விலையும் தொகுப்பில் அடக்கம் என்று பட்டியலில் இருந்தால், அப்படிக் கேட்பது விதிமீறல். தள்ளிப்போடச் சொன்னால் அதற்கு மருத்துவக் காரணம் என்ன என்று கேளுங்கள்.

பணமில்லாச் சிகிச்சை என்றால் அட்டையைக் காட்டியதும் கத்தியை எடுப்பார்கள் என்று பொருளில்லை. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு முதலில் அட்டையையும் ஆளையும் சரிபார்க்கும். பிறகு ஸ்கேன் அறிக்கையையும் மருத்துவரின் குறிப்பையும் தொகுப்பு எண்ணோடு கணினியில் ஏற்றி முன் அனுமதி கேட்கும். மறுபக்கம் இருக்கும் மருத்துவர் அவற்றைப் பார்த்து ஒப்புதல் தந்ததும், குடும்பத்தின் 5 லட்சத்திலிருந்து அந்தத் தொகை ஒதுக்கி வைக்கப்படும். அறிக்கையில் கல் மட்டும் இருந்து குடலிறக்கம் பற்றிக் குறிப்பே இல்லையென்றால், இரண்டாவது தொகுப்புக்கு விளக்கம் கேட்டுக் கோப்பு திரும்பி வரும். மறுப்பு என்று வீட்டில் பதறுகிற பலவும் உண்மையில் இப்படித் திரும்பி வந்த கேள்விகள்தாம். அவசர நிலையில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அனுமதி பெறவும் வழியுண்டு.

கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்ற தனியார் காப்பீட்டுப் பழக்கம் இங்கே உதவாது. பணம் மருத்துவமனைக்கே போகும்படி அமைந்த திட்டம் இது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் முடித்துவிட்டு வந்தால் பில்லுக்கு வழி பிறப்பது அரிது. மறுபுறம், தனியார் காப்பீடு தயங்குகிற இடத்தில் இது தயங்குவதில்லை. பத்து வருடச் சர்க்கரை நோயாளியானாலும் முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. காத்திருப்புக் காலம் கிடையாது.

விலக்குகள் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். வெளிநோயாளியாகவே முடியும் சிகிச்சை, தடுப்பூசி, குழந்தையின்மைக்கான சிகிச்சை, அழகுக்கான அறுவை ஆகியவை கிடையாது. படுக்கையில் சேர்ந்தாலும் பரிசோதனைக்கு மட்டும் என்றால் அதுவும் இதே வகைதான். பட்டியலில் தனியாகக் குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கு மட்டும் காப்பீடு உண்டு. நம் நோயாளி முதல் ஸ்கேனைச் சேர்க்கைக்கு இரண்டு வாரம் முன்பு தெருமுனை ஸ்கேன் நிலையத்தில் எடுத்திருந்தால், அந்தக் கட்டணம் அவர் தலையில்தான். அதே ஸ்கேனைச் சேரப்போகும் மருத்துவமனையில், சேர்க்கைக்கு முந்தைய 3 நாளுக்குள் எடுத்திருந்தால் தொகுப்புக்குள் வந்திருக்கும்.

சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். தனியாரிடம் “காப்பீட்டில் வராது” என்ற பதில் கிடைத்தால் அது இந்தக் காரணத்தாலா என்று கேட்டுப் பாருங்கள். அதே தொகுப்பு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் திறந்திருக்கலாம். தொகுப்பு எண்ணோடு கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் சரிபார்த்துக்கொள்ளலாம். வலைக்குப் பணம் கேட்டால் வார்டில் இருக்கும்போதே அதே தொலைபேசி எண்ணை அழைப்பது நல்லது, கொடுத்திருந்தால் ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு.