ஆள்குறைப்புச் செய்திக்குப் பிறகு ஒரு மின்னஞ்சல்

மூன்று சுற்று நேர்காணல் முடிந்துவிட்டது. "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்று எச்.ஆர். சொல்லியிருக்கிறார். அதற்குள் அந்த நிறுவனம் ஆட்களைக் குறைக்கிறது என்று செய்தி வருகிறது. நம் விண்ணப்பமும் போயிற்று என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவசரம்.

2022 நவம்பர் தொடக்கத்தில் அமேசான், அலுவலகப் பணிகளுக்குப் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தது. ஆனால் விலகிப்போனவர்களின் இடத்தை, தேவைப்படும் பிரிவுகளில் நிரப்புவோம் என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. அதாவது, ஒரே நிறுவனத்தில் புதிதாக உருவாக்கிய இடம் நின்றுபோகலாம். ஒருவர் விட்டுச் சென்ற இடத்துக்கான தேர்வு தொடரலாம். உங்கள் இடம் இதில் எந்த வகை என்பது செய்தித்தாளில் வராது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்தி வந்த அன்றே எழுத வேண்டாம். அன்றைக்கு எச்.ஆருக்கே பதில் தெரிந்திருக்காது. மூன்று, நான்கு வேலை நாள் கழித்து எழுதலாம். மென்பொருள் சோதனையாளர் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பொருள் வரியில் பணி எண், பதவி, கடைசிச் சுற்று நடந்த தேதி. அதன் கீழே:

"வணக்கம் மேடம். 12-ஆம் தேதி மூன்றாம் சுற்றில் கலந்துகொண்டேன். நிறுவனத்தின் அறிவிப்பைப் படித்தேன். இந்த இடத்துக்கான தேர்வு தொடர்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிவிக்க முடியுமா? வேறொரு நிறுவனத்துக்கு 28-ஆம் தேதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்."

இவ்வளவு போதும். ஒரே வரியில் பதில் எழுதக்கூடிய கேள்வி இது. "கம்பெனி நிலைமை எப்படி? சேர்ந்தால் என் வேலை நிலைக்குமா?" என்று கேட்டால், அதற்கு எழுத்தில் பதில் தர எச்.ஆருக்கு அதிகாரம் இருக்காது. மின்னஞ்சல் அப்படியே கிடந்துவிடும். வேறு ஆஃபர் உண்மையிலேயே கையில் இருந்தால் மட்டும் கடைசி வரியை எழுதுங்கள். இல்லாத ஆஃபரைச் சொன்னால், "அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுவார்கள்.

பதிலே வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆள் எடுப்பது குறையும்போது, ஆள் எடுக்கும் பிரிவிலேயே முதலில் கை வைப்பார்கள். 2022 நவம்பர் 9 அன்று 11,000-க்கு மேற்பட்டோரை நீக்கிய மெட்டா, அந்தப் பிரிவுக்கே அடி அதிகம் என்று வெளிப்படையாகச் சொன்னது. உங்களோடு பேசிக்கொண்டிருந்தவரே இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு, உங்களை நேர்காணல் செய்த மேலாளருக்கு அதே கேள்வியை அனுப்புங்கள். இடம் யாருடைய குழுவில் இருக்கிறதோ, அவருக்குத்தான் அதன் கதி முதலில் தெரியும்.

"நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்று பதில் வந்தால், மறுபடி எப்போது விசாரிக்கலாம் என்று மட்டும் கேளுங்கள். மாதம் சொன்னால் குறித்துக்கொள்ளலாம். "தெரிவிக்கிறோம்" என்று மட்டும் வந்தால் அந்த இடத்தை நம்பி மற்ற ஆஃபரைத் தள்ளிப்போட வேண்டாம்.

"தேர்வாகிவிட்டீர்கள்" என்று தொலைபேசியில் சொன்னாலும், சேரும் தேதி போட்ட கடிதம் வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். 90 நாள் நோட்டீஸ் ஓடத் தொடங்கிய பிறகு அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் பழைய நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.