சின்ன சேனலுக்கு எழுதும் முதல் கடிதம்

சின்ன யூடியூப் சேனல் ஒன்றோடு சேர்ந்து வீடியோ செய்ய விரும்பும் வியாபாரி முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சேனலின் பார்வையாளர்கள் தன் பொருளை வாங்கக்கூடியவர்களா என்பதை. பலரும் சந்தாதாரர் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். அது ஏமாற்றும் எண். ஏதோ ஒரு ஷார்ட்ஸ் பரவியதால் வந்து சேர்ந்தவர்கள் நீளமான சமையல் வீடியோவைத் திறந்துகூடப் பார்க்காமல் இருக்கலாம். கடைசிப் பத்து நீள வீடியோக்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று வரிசையாகக் குறித்து, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டால் நிலவரம் ஓரளவு தெரியும்.

காங்கேயம் பக்கம் மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். அவர் முன்னால் இரண்டு சமையல் சேனல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு நாற்பதாயிரம் சந்தாதாரர்கள்; கருத்துப் பகுதியில் அதே சில பெயர்கள் வீடியோ தவறாமல் ‘சூப்பர்’ என்று எழுதிவிட்டுப் போகின்றன. மற்றொன்றுக்கு எட்டாயிரம் பேர்தான். ஆனால் கொள்ளுப் பருப்பு கடையும் வீடியோவின் கீழே, ‘தாளிக்க என்ன எண்ணெய் ஊத்துறீங்க, எங்க வாங்கினீங்க?’ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய்க்காரருக்கு இரண்டாவதுதான் சரியான இடம்.

பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பது வெளியே தெரியாது. சேனல் நடத்துபவர் மட்டும் அதை யூடியூப் ஸ்டுடியோவில் பார்க்க முடியும். பாதிப்பேர் வளைகுடா நாடுகளில் இருந்தால், ஐந்து லிட்டர் டின்னை உள்ளூர் கூரியரில் அனுப்பும் வியாபாரிக்கு அந்தக் கூட்டத்தால் பயன் குறைவு. ஆகவே பேச்சு தொடங்கியதும் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

அடுத்தது, என்ன தரப்போகிறோம் என்பது. பெரும்பாலான கடிதங்கள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. ‘பொருளை இலவசமாக அனுப்புகிறோம், உங்களுக்கும் நல்ல விளம்பரம்’ என்று எழுதுபவர்கள் எதிரில் இருப்பவரின் உழைப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. சின்ன சேனலில் சமைப்பது, படம் பிடிப்பது, எடிட் செய்வது எல்லாம் அநேகமாக ஒரே ஆள்தான். பத்து நிமிட வீடியோவுக்கு இரண்டு நாள் ஓடிவிடும். விற்பனையில் கமிஷன் மட்டும் தருவதும் நியாயமில்லை. எண்ணெய் விற்காமல் போனால் முழு நஷ்டமும் அவர் தலையில் விழுகிறது. வீடியோவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லி, கூப்பன் எண் வழியாக விற்பதில் ஒரு பங்கு தருவதே பொருத்தம். அதே வீடியோவைப் பிறகு கடையின் சொந்த விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வதானால், எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதைத் தனியாகப் பேச வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சகோதரி. காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கிறோம். உங்கள் கொள்ளுப் பருப்பு வீடியோவில் என்ன எண்ணெய் என்று பலர் கேட்டிருந்ததைப் பார்த்தோம். எங்கள் கடலை எண்ணெயில் நீங்கள் வழக்கமாகச் செய்யும் பலகாரம் ஒன்றைச் செய்து வீடியோ போட முடியுமா? வீடியோவுக்கு 6,000 ரூபாய், பாதி முன்பணம். உங்கள் கூப்பனில் விற்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 20 ரூபாய் தனி. எண்ணெய் பிடிக்கவில்லை என்றால் வீடியோ வேண்டாம். முதலில் ஒரு லிட்டர் அனுப்பட்டுமா? சரியென்றால் வெள்ளிக்கிழமைக்குள் முகவரி மட்டும் அனுப்புங்கள்.”

இதில் உள்ள தொகைகள் உதாரணத்துக்குத்தான். கவனிக்க வேண்டியது கடைசி இரண்டு வரிகள். ‘விருப்பமிருந்தால் தொடர்புகொள்ளவும்’ என்று முடித்திருந்தால், என்ன பதில் எழுதுவது, எவ்வளவு கேட்பது என்ற யோசனையெல்லாம் அவருடையதாகிவிடும். பதில் தள்ளிப்போய் மறந்தே போகும். இங்கே அவர் முகவரியை மட்டும் அனுப்பினால் போதும். கடிதத்தைக் கருத்துப் பகுதியில் போடாமல், சேனல் விவரத்தில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரம் பதிலில்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் வராவிட்டால் விட்டுவிடுவதே மரியாதை.

சம்மதம் வந்த பிறகு இரண்டு விஷயங்களை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள் வாங்கியிருந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும். வீடியோவை ஏற்றும்போது கட்டண விளம்பரம் உண்டு என்ற பெட்டியையும் டிக் செய்ய வேண்டும். இரண்டாவது, ‘கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும்’ என்றெல்லாம் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அதைப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். எண்ணெயின் மணம், எந்தக் கடலையில் ஆட்டியது, முறுக்கு எப்படிப் பொரிந்தது என்பதை அவர் தன் வாயால் சொன்னாலே கேட்பவர்களுக்குப் போதும்.